கல்கிசையில் ஏப்ரல் மாதம் ஒரு முழுநாள்: நிழல், தண்ணீர், நேரம்

மாமியின் கால்களில் செருப்பு வாரின் அடையாளம் இரண்டு மாதம் இருந்தது. வார் இருந்த இடம் பழைய நிறம், மற்ற இடமெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, தொட்டால் எரிவு. இவ்வளவுக்கும் அன்று அவர் வெயிலில் நிற்கவே இல்லை. காலையில் பதினொரு மணிக்குப் பெரிய கடற்கரைக் குடை ஒன்றை நட்டோம். பன்னிரண்டு மணிக்கு அதன் நிழல் குடைக்கு நேர் கீழே வட்டமாக விழுந்தது. எல்லோரும் பாயை விரித்து, சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கண் அயர்ந்தோம். நான் விழித்தபோது மூன்று மணி. குடை நட்ட இடத்திலேயே நின்றது, நாங்களும் படுத்த இடத்திலேயே கிடந்தோம். நிழல் மட்டும் ரயில் பாதைப் பக்கமாக இரண்டு மீற்றர் தள்ளிப் போயிருந்தது. மாமியின் கால் இரண்டும் முழு வெயிலில்.

அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் கடற்கரைக்குப் போகும் முறையே மாறிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்குப் போகும் ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்து அந்த முறையை இங்கே எழுதுகிறேன்: நான்கு பெரியவர்கள், ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நாள், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டிய ஒரு ஞாயிறு. கொழும்புக் கடல் குளிக்க அமைதியாக இருப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான், மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அலை பொங்கும். ஆனால் அந்த அமைதியான மாதங்களின் கடைசிப் பகுதியில்தான் சூரியன் நம் தலைக்கு நேராக வருகிறது.

முதலில் நேரம்

ஒவ்வொரு ஏப்ரலிலும் வளிமண்டலவியல் திணைக்களம் சூரிய உச்சம் பற்றி அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். 5ஆம் திகதியை ஒட்டித் தெற்கு முனையில் தொடங்கி, 15ஆம் திகதியை ஒட்டிப் பருத்தித்துறையில் முடியும். கொழும்புக்கு அது ஏறத்தாழ 7ஆம் திகதி. அந்த நாட்களில் பகல் 12.12 மணியளவில் உங்கள் நிழல் உங்கள் பாதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லாமல் சற்றுப் பிந்துவதற்குக் காரணம், நம் கடிகாரம் கொழும்புக்குக் கிழக்கே உள்ள ஒரு தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுவதுதான்.

தோலைச் சுடுவது புறஊதாக் கதிர். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, சூட்டை வைத்தும் அளக்க முடியாது. ஆனால் நிழலை வைத்து அளக்கலாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. நீளமாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்லலாம். ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் நிழல் நம் உயரத்துக்குச் சமமாவது காலை 9.12ஐ ஒட்டி. பிறகு அதே உயரத்துக்கு மீள்வது பின்னேரம் 3.12ஐ ஒட்டி. இடைப்பட்ட ஆறு மணித்தியாலம்தான் தோலைக் கெடுக்கும் நேரம். மேகமில்லாத நாளில் மொத்தப் புறஊதாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றேகாலுக்கும் இடையில் இறங்கிவிடும்.

கைப்பேசி வானிலைச் செயலியில் UV Index என்று ஓர் எண் இருக்கும். மூன்றுக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம், மூன்றிலிருந்து பாதுகாப்பு வேண்டும், பதினொன்றுக்கு மேல் போனால் உச்சக் கடுமை. ஏப்ரலில் கொழும்பின் நண்பகல் எண் பதினொன்றைத் தாண்டுவது வழக்கம். காலை எட்டரை போல மூன்றைத் தொடும், பின்னேரம் நாலு மணி போல மீண்டும் மூன்றுக்கு இறங்கும்.

அதனால் எங்கள் நாள் இரண்டாகப் பிரிந்தது. காலை ஆறரைக்குக் கரையில் இறங்கி ஒன்பதரைக்கு ஏறுவது. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே படுத்து எழும்பி, மூன்றேமுக்காலுக்குத் திரும்பவும் இறங்கி, ஆறேகாலை ஒட்டிய சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு வருவது. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்குக் கரையோர ரயிலில் போகலாம், நடுவில் தெஹிவளை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு என்பதால் முச்சக்கரவண்டிக்கும் கொஞ்சம் காசு வைத்துக்கொள்வோம்.

"இரண்டு தரம் போய்வருவதா, என்ன பைத்தியம்?" என்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சான் கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் காலையில் மூன்று மணித்தியாலமும் மாலையில் இரண்டரையும் என்று பார்த்தால், கரையில் கழிவது ஐந்தரை மணித்தியாலம். முன்பு தொடர்ந்து எட்டு மணித்தியாலம் இருந்தபோது, அதில் பாதியைக் குடையடியில் தலையிடியோடுதான் கழித்தோம்.

தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் வந்தால் மதியத்துக்கு வீட்டுக்குத் திரும்ப முடியாதுதான். அப்படியானால் பத்து முதல் மூன்றேகால் வரை உட்காரக் கூரையுள்ள ஓர் இடத்தை, புறப்படுவதற்கு முன்பே முடிவுசெய்து வையுங்கள். அது கரையோரச் சாப்பாட்டுக்கடையாக இருக்கலாம், தெரிந்தவர்களின் வீடாக இருக்கலாம், தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் மரநிழலாகவும் இருக்கலாம். கரைக்கு வந்தபிறகு தேடினால், பிள்ளைகள் "இன்னும் கொஞ்சம்" என்பார்கள், நீங்களும் சரி என்பீர்கள்.

நிழல் நகரும், பாயும் நகர வேண்டும்

கொழும்புக் கடற்கரை மேற்கே பார்த்தது. காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், ஊர்ப்பக்கமிருந்து வரும். பின்னேரம் கடல்பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கும். காலையில் கரைக்குப் பின்னாலுள்ள கட்டடங்களும் தென்னைகளும் மணலில் நீளமாக நிழல் போடும். ஏழு மணிக்கு அந்த நிழலிலேயே பாயை விரிக்கலாம், குடையே தேவைப்படாது. பின்னேரம் அந்த மரங்களால் ஒரு பயனும் இல்லை, அவற்றின் நிழல் ரயில் பாதைக்கு அப்பால் விழும். காலிமுகத்திடலில் காலையிலும்கூட இந்த வசதி இல்லை. அது திறந்த வெளி. அங்கே நீண்ட நேரம் கழிக்க நினைப்பவர்கள் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போவதே நல்லது.

குடையின் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மீற்றர் உயரமான குடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உச்சத்தில் இருக்கும்போது நிழல் காம்பின் அடியில். ஒரு மணித்தியாலம் கழித்து அரை மீற்றர் கிழக்கே நகர்ந்திருக்கும். இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு மீற்றருக்குச் சற்று மேல். மூன்று மணித்தியாலத்தில், அதாவது மூன்றேகாலுக்கு, இரண்டு மீற்றர். நாலு மணிக்கு மூன்று மீற்றர். ஐந்து மணிக்கு ஆறு மீற்றருக்குக் கிட்ட. காம்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு மணிக்குப் பிறகு குடை இருந்தும் இல்லாததுதான். மாமியின் கால் வெந்தது இந்தக் கணக்கில்தான்.

இதற்கு இரண்டு வழி. குடையைக் கடல்பக்கமாகச் சரிக்கலாம், அல்லது பாயை ஊர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டே போகலாம். நாங்கள் இரண்டையும் செய்கிறோம். கைப்பேசியில் அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் மணி அடிக்க வைத்து, அடிக்கும்போதெல்லாம் எழுந்து பாயை இழுத்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்போம். கடல்பக்கமாகச் சரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பின்னேரம் காற்றும் கடலிலிருந்துதான் வரும். குடையின் மேற்புறம் காற்றைப் பார்த்திருந்தால் காற்று அதை மணலுக்குள் அழுத்தும். வயிற்றுப்புறத்தைக் காட்டினால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பறக்கும் குடையின் காம்பு யாராவது ஒருவரின் மேல் குத்தினால் பெரிய ஆபத்து. அதனால் காம்பில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்குள் போக வேண்டும். காலால் மிதித்தால் மட்டும் போதாது, கையால் தோண்டி இறக்கி, ஈர மணலால் மூடி மிதிக்க வேண்டும்.

ஆறு பேருக்கு ஒரு குடை எப்படியும் காணாது. நாங்கள் இப்போது கொண்டுபோவது ஒரு படங்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதோடு இரண்டு மூங்கில் தடி, நைலோன் கயிறு, வெறும் உரப்பை நாலு. உரப்பைகளை அங்கேயே மணலால் நிரப்பி, கயிற்றின் நுனியைக் கட்டி நாலு மூலையிலும் வைத்தால் முளை அடிக்க வேண்டியதில்லை. மணலில் முளை நிற்பதும் இல்லை. ஊர்ப்பக்க விளிம்பு உயரமாக, கடல்பக்க விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். சூரியன் தாழத் தாழ அந்தக் கடல்பக்க விளிம்பில் ஒரு சாரத்தைத் திரைபோலத் தொங்கவிடுவோம். நாலு பக்கத்தையும் மூடிவிடாதீர்கள். மெல்லிய நீல பிளாஸ்டிக் படங்கு வெயிலில் தானே சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். காற்று ஊடே போகாவிட்டால் உள்ளே வேகவைத்த மாதிரி இருக்கும். படங்குக்குக் கீழே ஒரு பழைய படுக்கைவிரிப்பை நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டினால் அந்த வெக்கை குறையும்.

இவ்வளவு செய்தாலும் நிழல் என்பது பாதிப் பாதுகாப்புத்தான். புறஊதாவின் ஒரு பகுதி சூரியனிலிருந்து நேரே வராமல் வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. குடையடியில் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தால் எவ்வளவு வானம் தெரிகிறதோ, அவ்வளவு கதிர் உங்கள் மேலும் விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். போதாததற்கு உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். அமெரிக்காவின் டெக்சஸில் ஓர் ஏரிக்கரையில் 81 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட சோதனையில், மூன்றரை மணித்தியாலம் குடையடியில் மட்டும் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் தோல் வெந்தது. குடை இல்லாமல், எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு அளவு 100 உள்ள சன்ஸ்கிரீன் கிரீமை ஒழுங்காகப் பூசியவர்களில் 25 சதவீதம். கிரீமும் முழுதாகக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மேகத்தையும் நம்ப வேண்டாம். மெல்லிய மேகத்தினூடே 80 சதவீதம் வரை வந்துவிடும். தண்ணீருக்குள் நின்றாலும் அரை மீற்றர் ஆழத்தில் மேலே உள்ளதில் 40 சதவீதம் இருக்கும்.

உடுப்பு முதலில், கிரீம் மிச்சத்துக்கு

வெயிலில் போவதைப் பற்றி நம் வீடுகளில் வரும் முதல் பேச்சு "கறுத்துப்போவாய் பிள்ளை" என்பதுதான். கறுப்பதில் ஒன்றும் இல்லை. நம் தோலுக்கு இயற்கையிலேயே கொஞ்சம் காப்பு உண்டு என்பதும் உண்மை. ஆனால் அது தாமதப்படுத்தும், தடுக்காது. வெள்ளைத் தோல் சிவப்பதுபோல நம் தோல் சிவந்து காட்டாததால் தாமதமாகத்தான் தெரியவரும். அன்று இரவு முதுகைச் சட்டை தொட்டால் எரியும், தோல் இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கும், கைவைத்தால் சுடும், நாலாம் ஐந்தாம் நாள் உரியும். இதெல்லாம் தோல் வெந்ததன் அடையாளம்.

கடையில் விற்கும் சன்ஸ்கிரீனின் அளவைப் பார்த்தால் ஏன் உடுப்பை முன்னால் வைக்கிறேன் என்று புரியும். போத்தலில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் கிடைக்க வேண்டுமானால், உடம்பு முழுவதற்கும் பெரியவர் ஒருவருக்கு ஒருதரம் ஏறத்தாழ 35 மில்லிலீட்டர் வேண்டும், அதாவது ஏழு தேக்கரண்டி. முகமும் கழுத்தும் சேர்ந்து ஒன்று, கைக்கு ஒவ்வொன்று, காலுக்கு ஒவ்வொன்று, முன்னுடம்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், அதோடு கடலில் குளித்துத் துவாயால் துடைத்த ஒவ்வொரு தரமும் திரும்பப் பூச வேண்டும். எங்கள் ஆறு பேருக்கு ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 180 மில்லிலீட்டர், நாளுக்கு மூன்று பூச்சு என்றால் 540. ஐம்பது மில்லிலீட்டர் டியூப் பதினொன்று! யாருமே இப்படி வாங்குவதில்லை. ஒரு டியூபை ஆறு பேரும் தேய்த்துவிட்டு, போட்டாயிற்று என்று நினைப்பதுதான் நடக்கிறது. அரைவாசிக்கும் குறைவாகப் பூசினால் எஸ்பிஎஃப் 50 ஐம்பதாக வேலை செய்யாது.

முழுக்கையும் முழுக்காலும் மூடினால் மிஞ்சுவது முகம், காது, கழுத்து, புறங்கை, பாதம். பெரியவருக்கு இரண்டு தேக்கரண்டி, பிள்ளைக்கு ஒன்றுக்குச் சற்று மேல். மூன்று பூச்சுக்கும் சேர்த்து மூன்று டியூப்போடு வேலை முடிந்தது.

உடுப்பைத் தெரிவதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கை நிழலாகத் தெரிந்தால் கதிரும் போகும். வெள்ளை மெல்லிய பருத்தி ரீசேர்ட் இதில் பின்தங்கிவிடும், நனைந்தால் இன்னும் மோசம். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நெருக்கமாக நெய்த, கடும் நிறத்து பொலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை போதும். அம்மாவும் மாமியும் நீச்சல் உடுப்புப் போட மாட்டார்கள், சல்வாரோடுதான் இறங்குவார்கள். அது இந்த விஷயத்தில் நல்லதே. துப்பட்டாவை மட்டும் கழற்றிவைக்கச் சொல்லுங்கள், அலையில் கழுத்தைச் சுற்றும். தொப்பியைச் சுற்றிலும் விளிம்பு இருக்கும்படி வாங்குங்கள். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் காக்காது.

கிரீமைக் கரையில் இறங்கிய பிறகு பூசாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன், தோல் உலர்ந்திருக்கும்போது பூசிவிட்டால், ரயிலேறி இறங்கும் நேரத்துக்குள் அது ஒட்டிக்கொள்ளும். மறக்கும் இடங்கள் எப்போதும் அதே நாலுதான்: காதின் மேல்விளிம்பு, தலைமயிர் பிரித்த வகிடு, முழங்காலின் பின்பக்கம், பாதத்தின் மேல். தடவி முடித்தபின் இந்த நாலையும் ஒருவர் மற்றவருக்குப் பார்த்துவிடுங்கள்.

இதோடு ஒன்று. கரையில் இருந்து தேசிக்காய் பிழியாதீர்கள். தேசிக்காய்ச் சாறு கையில் பட்டு அதன்மேல் வெயில் படும்போது, ஓரிரு நாளில் சாறு வழிந்த வடிவத்திலேயே கொப்புளமோ கருந்தழும்போ வரும். நான் ஒருதரம் ஆறு பேருக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்த பெருமையோடு வந்து, பிறகு விரலிடுக்கில் கோடுகோடாகக் கறுத்ததைக் கண்டு என்ன நோயோ என்று பயந்தேன். வீட்டிலேயே பிழிந்து, கையைச் சவர்க்காரத்தால் கழுவிவிட்டுப் போத்தலில் கொண்டுபோங்கள்.

தண்ணீரும் உப்பும்

கொழும்பின் சிக்கல் வெறும் சூடு இல்லை, ஈரப்பதன். வெப்பமானி 32 பாகை காட்டும், அதோடு ஈரப்பதன் 70 சதவீதமாக இருந்தால் உடம்புக்கு அது 41 பாகைபோல இருக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் மனித உடலால் உணரப்படும் வெப்பநிலை என்று அறிவிப்பது இதைத்தான், அதுவும் நிழலுக்கான கணக்கு. உடம்பு குளிர்வது வியர்வை வடிவதால் அல்ல, வியர்வை காய்வதால். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் போகும், குளிர்ச்சி வராது.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கரையில் ஒரு புழுக்கம் இருக்குமே, கவனித்திருப்பீர்கள். இரவில் தரையிலிருந்து கடலுக்குப் போன காற்று நின்று, கடற்காற்று இன்னும் எழும்பாத இடைவெளி அது. பிள்ளைகள் விளையாட்டை விடாமல் முகம் சிவந்து நிற்பது அப்போதுதான். நாங்கள் ஒன்பதரைக்கு ஏறுவதற்கு இன்னொரு காரணம் அது. கடற்காற்று எழுந்த பிறகு சுகமாக இருக்கும், ஆனால் தோல் குளிர்ந்திருப்பதால் வெயில் படுவதே தெரியாது.

பெரியவருக்கு மணித்தியாலத்துக்கு அரை லீட்டர், பிள்ளைக்கு முந்நூறு மில்லிலீட்டர் என்று தொடங்குங்கள். காலை மூன்று மணித்தியாலத்துக்கு நாலு பெரியவர்களுக்கு ஆறு லீட்டர், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து இரண்டு லீட்டருக்குச் சற்றுக் குறைய. ஆக எட்டு. மாலை இரண்டரை மணித்தியாலத்துக்கு ஆறரை. இதைவிட ஐந்து லீட்டர் கான் ஒன்று கழுவவும், அவசரத்துக்குத் தலையில் ஊற்றவும். பந்து விளையாடுகிறவர்களுக்கு இந்த அளவு காணாது, கூட்டிக்கொள்ளுங்கள். குடிப்பது இருபது நிமிடத்துக்கு ஒரு சின்னக் கிளாஸ் என்ற கணக்கில். ஒரேயடியாக ஒரு லீட்டர் குடித்தால் வயிறு பிரட்டும். மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீட்டருக்கு மேல் யாரும் குடிக்க வேண்டாம், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே மயக்கம் தரும். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்களும், பிரஷருக்கு நீர் இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் தங்கள் டொக்டரைக் கேட்டுவிட்டே போகட்டும்.

போத்தல்களில் பாதியை முதல்நாள் இரவு அரைவாசி நிரப்பி, படுக்கவைத்து உறையவிடுங்கள். காலையில் மிச்சத்தைத் தண்ணீரால் நிரப்பினால் ஒன்பது மணிவரை குளிராக இருக்கும். சூடான தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள்.

வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லை, உப்பும்தான். இங்கேதான் தம்பிலியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. தம்பிலியில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஆகவே தம்பிலி குடியுங்கள், அதோடு உப்பான ஏதாவது கடியுங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய், அன்னாசி, அவித்த கடலை என்று கரையில் விற்பது எல்லாமே இதற்குப் பொருத்தம். நீண்ட நேரம் ஓடியாடி வியர்த்தவர்களுக்கு ஜீவனி. பக்கெற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெற்றையும் ஒரே தரத்தில் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. கைவசம் இல்லாவிட்டால் ஒரு லீட்டர் தண்ணீருக்கு மட்டமாக வெட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். பியரைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம், மச்சான்!

போதுமா என்று தெரிந்துகொள்ள மதியம் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவரும் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கட்டும். வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. தேநீர்ச் சாயம்போல இருந்தால், அல்லது காலையிலிருந்து போகவே இல்லையென்றால், அவர் மாலையில் வெயிலுக்குப் போக வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விஷயம் வேறு. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். "நான் யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவன்" என்று மச்சான் சொன்னார். அது முப்பது வருடத்துக்கு முன்பு, அந்தப் பழக்கம் சில வாரத்திலேயே போய்விடும். விமானம் இறங்கி மூன்றாம் நாள் முழுநாள் கடற்கரை வேண்டாம், மாலைப் பகுதி மட்டும் போதும்.

யாருக்காவது ஒருமாதிரி இருந்தால்

முதலில் வருவது பெரும்பாலும் தலையிடி, எரிச்சல், கெண்டைக்காலில் பிடிப்பு. அப்புறம் குமட்டல், தலைச்சுற்று, வெளிறிய ஈரமான தோல். பிள்ளைகள் தலையிடி என்று சொல்ல மாட்டார்கள். காரணமில்லாமல் அழுவார்கள், அல்லது விளையாட்டை விட்டுவிட்டுப் பாயில் வந்து பேசாமல் படுப்பார்கள். நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டாவதுக்குத்தான். நிழலுக்குக் கொண்டுபோய், இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, காலை உயர்த்திப் படுக்கவைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் விட்டு, விசிறி, ஜீவனியைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் தெளிய வேண்டும். தெளிந்தாலும் அன்றைய கடற்கரை முடிந்தது, வீடுதான்.

பேச்சு குழறினால், இடம் தெரியாமல் உளறினால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கி விழுந்தால் அது வெப்பத்தாக்கு. உடம்பு நாற்பது பாகைக்கு மேல் போய் மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்துக்கொண்டும் வரும். ஒருவர் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், கட்டணம் இல்லை. மற்றவர்கள் அதற்குக் காத்திராமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வாளியில் கடல்தண்ணீர் அள்ளி உடம்பு முழுவதும் ஊற்றுங்கள், ஈரச் சாரத்தைப் போர்த்தி விடாமல் விசிறுங்கள், சாரம் சூடானால் திரும்ப நனையுங்கள், உறைந்த போத்தலைக் கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். அவரைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்க வேண்டாம். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், புரையேறும். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது.

அம்புலன்ஸுக்கு இடம் சொல்வதும் ஒரு வேலை. "கல்கிசை பீச்" என்றால் அது நீளமான கரை. கரையில் இறங்கும்போதே எந்த ஒழுங்கை முடிவில் ரயில் பாதையைக் கடந்தோம், பக்கத்தில் எந்த ஹோட்டல் என்று பார்த்து வையுங்கள். அதை நாங்கள் காலையிலேயே பன்னிரண்டு வயதுக்காரியைச் சொல்லவைத்துப் பார்ப்போம்.

ஏப்ரல் பின்னேரங்களில் இடிமழையும் வரும். இடி கேட்டால் படங்கைக் கழற்றிக்கொண்டு நிற்காமல், மூங்கில் தடியையும் குடையையும் அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள்.

இரவு வீட்டில் உப்புத்தண்ணீர் போகக் குளித்தபின் ஒவ்வொருவரின் தோளையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, கற்றாழைச் சோறு பூசலாம். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது சூட்டைத் தோலுக்குள்ளேயே வைத்திருக்கும். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோடு கொப்புளம் என்றால் டொக்டரிடம். வெந்த இடம் ஆறும்வரை வெயிலுக்குக் காட்டக் கூடாது என்பதால் மாமி அந்த ஏப்ரல் முழுவதும் சப்பாத்தும் சொக்ஸும் போட்டுத்தான் கோயிலுக்குப் போனார், வாசலில் கழற்றிவைத்துவிட்டுச் சூட்டுக்கல்லில் ஓடினார். இந்த வருடம் பாயை இழுக்க மணி அடித்தால் முதலில் எழும்புகிறவரும் அவர்தான்.